ஒரே மாதத்தில் மூன்று சம்பளம்: காரணமும், மணிக்கூலி வாங்குவோர் போட வேண்டிய கணக்கும்

கனடாவில் மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் என்பதே கிடையாது. கிடங்கு, தொழிற்சாலை, முதியோர் இல்லம், பல்பொருள் அங்காடி என்று எங்கே வேலை பார்த்தாலும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வங்கிக் கணக்கில் பணம் ஏறுகிறது. வாடகையோ மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் பெரும்பாலும் ஒன்றாம் தேதி. இந்த இரண்டு தாளமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஆண்டில் இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் வருவதும், வேலைநேரம் குறையாமலேயே சில மாதங்களில் கை இறுகுவதும் இந்தப் பொருந்தாமையால்தான்.

டொராண்டோ வட்டாரத்தில் மணிக்கு 20 டாலர் வாங்கும் ஒரு கிடங்குத் தொழிலாளியை எடுத்துக்காட்டாக வைத்து இதைப் பார்க்கலாம். அவருடைய செலவுத் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. தேதிகள் 2026ஆம் ஆண்டு நாட்காட்டியில் உள்ளவை.

இரண்டு முறைகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

"மாதம் இருமுறை" சம்பளம் வேறு, "இரு வாரத்துக்கு ஒருமுறை" சம்பளம் வேறு. முதலாவதில் 15ஆம் தேதி, மாதக் கடைசி நாள் என்பது போலத் தேதி நிலையாக இருக்கும். ஆண்டுக்கு 24 சம்பளம். எந்த மாதத்திலும் மூன்று வராது. இரண்டாவதில் கிழமைதான் நிலையானது. ஒரு வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி என்று 14 நாள் இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு 26 சம்பளம். வேலையில் சேரும்போதே இது எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வேலைகளை ஒப்பிடுபவர் ஒரு சம்பளத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவறான முடிவுக்குத்தான் வருவார்.

மூன்றாவது சம்பளம் எங்கிருந்து வருகிறது

நான்கு வாரம் ஒரு மாதம் என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறோம். நான்கு வாரம் என்பது 28 நாள். பன்னிரண்டு மாதத்துக்கு 336 நாள்தான் ஆகிறது. ஆண்டில் இருப்பதோ 365 நாள். மீதமுள்ள 29 நாட்களும் பிப்ரவரி தவிர்த்த ஒவ்வொரு மாதத்தின் வாலிலும் இரண்டிரண்டாக, மும்மூன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நாட்களிலும் வேலை நடக்கிறது, அந்த உழைப்புக்கும் கூலி உண்டு. 29 நாள் என்பது இரண்டு இருவாரங்களும் ஒரு நாளும். அந்த இரண்டு இருவாரங்கள்தான் ஆண்டில் கூடுதலாகத் தெரியும் இரண்டு சம்பளங்கள்.

எனவே மூன்றாவது சம்பளம் போனஸ் அல்ல. முதலாளி கூட்டிக் கொடுத்ததும் அல்ல. மற்ற மாதங்களில் கண்ணில் படாமல் சிறுகச் சிறுகச் சேர்ந்த கூலி, ஒரே நாளில் வந்து விழுகிறது.

எந்த மாதத்தில் அது வரும் என்பதற்கு எளிய விதி இருக்கிறது:

1. 31 நாள் மாதத்தில் முதல் சம்பளம் 1, 2, 3 ஆகிய தேதிகளில் ஒன்றில் வந்தால், அந்த மாதம் மூன்று சம்பளம்.
2. 30 நாள் மாதத்தில் 1 அல்லது 2ஆம் தேதி வர வேண்டும்.
3. 28 நாள் பிப்ரவரியில் மூன்று வரவே வராது. லீப் ஆண்டில் 1ஆம் தேதி வந்தால் மட்டும் உண்டு.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. மூன்றாவது சம்பளம் எப்போதும் 29, 30, 31 ஆகிய தேதிகளில்தான் விழும். அதாவது, வாடகை நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள். மூன்று சம்பளம் வந்ததையே பலர் உணராமல் போவது இதனால்தான். 30ஆம் தேதி ஏறிய பணம் 1ஆம் தேதி வீட்டுக்காரருக்குப் போய்விடுகிறது. கூடுதலாக ஒன்று வந்த சுவடே இருப்பதில்லை.

2026இல் எந்த மாதங்கள்

வெள்ளிக்கிழமைச் சம்பளத்தை எடுத்துக்கொண்டால், ஒரு நிறுவனம் இரண்டு அட்டவணைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும்.

முதல் அட்டவணை ஜனவரி 2இல் தொடங்குகிறது. ஜனவரியில் 2, 16, 30 என்று மூன்று. பிறகு ஜூலையில் 3, 17, 31 என்று மூன்று.

இரண்டாவது அட்டவணை ஜனவரி 9இல் தொடங்குகிறது. மே மாதத்தில் 1, 15, 29. அக்டோபரில் 2, 16, 30.

ஒரே வீட்டில் கணவன் ஓர் அட்டவணையிலும் மனைவி மற்றோர் அட்டவணையிலும் இருந்தால் நான்கு வெவ்வேறு மாதங்களில் மூன்றாவது சம்பளம் வரும். வாரம் தவறாமல் யாராவது ஒருவருடைய பணம் ஏறிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட குடும்பத்தை இந்தச் சிக்கல் அதிகம் தொடுவதில்லை. ஒரே வருமானத்தில் ஓடும் வீட்டைத்தான் அது பிடிக்கிறது.

வாடகையிலிருந்து விலகிப் போகும் சம்பள நாள்

இந்த விஷயத்தில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பகுதி இதுதான் என்பது என் கருத்து. முதல் அட்டவணைக்காரருக்கு வாடகைக்கு முன்பு வரும் கடைசிச் சம்பளம் எப்போது வருகிறது என்று பாருங்கள்:

1. ஜனவரி 30. பிப்ரவரி வாடகைக்கு 2 நாள் முன்பு.
2. பிப்ரவரி 27. மார்ச் வாடகைக்கு 2 நாள் முன்பு.
3. மார்ச் 27. ஏப்ரல் வாடகைக்கு 5 நாள் முன்பு.
4. ஏப்ரல் 24. மே வாடகைக்கு 7 நாள் முன்பு.
5. மே 22. ஜூன் வாடகைக்கு 10 நாள் முன்பு.
6. ஜூன் 19. ஜூலை வாடகைக்கு 12 நாள் முன்பு.

இவருடைய வேலைநேரம் மாறவில்லை, வாடகையும் ஏறவில்லை. ஆனால் பிப்ரவரியில் சம்பளம் ஏறிய இரண்டாம் நாளே வாடகையைக் கட்டிவிட முடிந்தவர், ஜூனில் அதே பணத்தைப் பன்னிரண்டு நாள் தொடாமல் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நாளும் சாப்பிட வேண்டும், வண்டிக்கு எரிபொருள் போட வேண்டும். அடுத்த சம்பளம் ஜூலை 3. வாடகை நாள் போய் இரண்டு நாள் கழித்து. ஒன்டாரியோவில் வாடகை கட்ட வேண்டிய நாள் தவறினால் மறுநாளே பாக்கி அறிவிப்புக் கொடுக்க வீட்டுக்காரருக்குச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு நாள்தானே என்று இருந்துவிட முடியாது.

மூன்று சம்பள மாதத்துக்குச் சற்று முன்புதான் நெருக்கடி உச்சத்தில் இருக்கும். ஜூலை 31 வந்ததும் இடைவெளி மறுபடி ஒரு நாளாகச் சுருங்கி, பிறகு மெல்ல மெல்ல விரியத் தொடங்கும். "மே, ஜூன் வந்தால் பணம் நிற்பதே இல்லை" என்று ஒருவர் தன் செலவுப் பழக்கத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கலாம். பழியில் பெரும்பகுதி நாட்காட்டியுடையது.

மூன்றாவது சம்பளத்தில் உண்மையில் எவ்வளவு மிச்சம்

நம் தொழிலாளி வாரம் 36 மணிநேரம் வேலை செய்கிறார். இரு வாரத்துக்கு 72 மணிநேரம், 1,440 டாலர். வருமான வரி, கனடா ஓய்வூதியத் திட்டம், வேலைக் காப்புறுதி ஆகிய பிடித்தங்கள் போக ஏறக்குறைய 1,180 டாலர் கையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அவருடைய செலவுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வருபவை ஒரு பக்கம்: பேஸ்மென்ட் வாடகை 1,150, கார் காப்புறுதி 210, கைப்பேசியும் இணையமும் 75. மொத்தம் 1,435. நாள் நகர நகர ஓடுபவை மறுபக்கம்: சாப்பாடு, எரிபொருள், சில்லறைச் செலவு. இரு வாரத்துக்கு 360.

முதல் வகை ஆண்டுக்கு 12 முறை. இரண்டாம் வகை 26 முறை. இந்தப் பிரிவினையைச் செய்யாததால்தான் மூன்றாவது சம்பளம் முழுவதும் மிச்சம் என்று தோன்றிவிடுகிறது. அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த இரண்டு வாரமும் சாப்பிடத்தானே வேண்டும்? 1,180இல் 360 அதற்குப் போய்விடும். விடுபட்டு நிற்பது 820 டாலர்தான்.

இரண்டு சம்பள மாதத்தில் 2,360 வருகிறது. 1,435உம் 720உம் போக 205 மிஞ்சும். இவர் நல்ல நிலையில் இருக்கிறார்.

இப்போது வீடு மாறுகிறார், அல்லது கார்க் கடன் எடுக்கிறார். மாதச் செலவு 1,435இலிருந்து 1,750 ஆகிறது என்று வையுங்கள். "ஆண்டுக்கு 30,680 கையில் வருகிறது, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,557, சமாளிக்கலாம்" என்று கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆண்டு முடிவில் 320 டாலர் மிஞ்சவே செய்யும். ஆனால் 2,557 என்ற தொகை எந்த மாதத்திலும் அவர் கைக்கு வருவதில்லை. பத்து மாதங்களில் 2,360தான் வருகிறது, மாதம் 110 டாலர் துண்டு விழுகிறது. ஜனவரியின் மூன்றாவது சம்பளத்தைச் செலவழித்துவிட்டு, அல்லது பிப்ரவரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, இந்தப் பாதையில் இறங்கினால் ஜூன் முடிவதற்குள் 550 டாலர் கிரெடிட் கார்டில் ஏறியிருக்கும். ஜூலையின் மூன்றாவது சம்பளம் வருவதே அந்தக் கடனை அடைக்கத்தான். கூட வட்டியும் சேர்ந்துகொள்ளும்.

ஆண்டு சராசரியை வைத்து மாதக் கடமைகளை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வாடகை ஒப்பந்தத்திலோ கார்க் கடனிலோ கையெழுத்திடும் முன் இரண்டு சம்பள மாதத்தின் தொகையைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சம்பளத்தில் வரி அதிகமாகப் பிடிப்பார்கள் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. ஒவ்வொரு சம்பளத்தையும் ஆண்டு முழுக்க இதே தொகை வருவதாகக் கருதி, 26ஆல் பெருக்கி, அதற்குரிய வரியில் 26இல் ஒரு பங்கைப் பிடிக்கிறார்கள். மாதத்தில் இது எத்தனையாவது என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. சில நிறுவனங்கள் மருத்துவ, பல் காப்புறுதிச் சந்தாவை மாதத்தின் முதல் இரண்டு சம்பளங்களில் மட்டும் பிடிக்கும். அங்கே மூன்றாவது சம்பளம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

மணிக்கூலிக்கு மட்டும் உள்ள சிக்கல்

ஆண்டுச் சம்பளக்காரருக்கு 26 தொகைகளும் ஒன்றுபோல இருக்கும். மணிக்கூலிக்கு அப்படி இல்லை. அதோடு, இன்று ஏறும் பணம் இன்றுவரை செய்த வேலைக்கானது அல்ல. நேரக் கணக்கை முடித்துச் சம்பளம் போட ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும்.

நம்மவரின் கணக்குக் காலம் சனிக்கிழமை முடிந்து, ஆறு நாள் கழித்து வெள்ளியன்று பணம் வருகிறது என்று கொள்வோம். அப்படியானால் ஜனவரி 2 சம்பளம் டிசம்பர் 14 முதல் 27 வரை செய்த வேலைக்கு. ஜனவரி 16 சம்பளம் டிசம்பர் 28 முதல் ஜனவரி 10 வரை. இதன் பொருள் என்னவென்றால், மூன்று சம்பளம் வரும் அந்த ஜனவரி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகளின் கூலியைத் தாங்கி வருகிறது.

கிடங்கு டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை மூடியிருந்தால், 25, 26, 1 ஆகிய மூன்றும் ஒன்டாரியோவின் பொது விடுமுறைகள். அவற்றுக்கு விடுமுறைக் கூலி உண்டு. விடுமுறை வரும் வாரத்துக்கு முந்தைய நான்கு வாரங்களின் வழக்கமான கூலியை 20ஆல் வகுத்துக் கொடுப்பார்கள். இவருக்கு முழு வாரங்களாக இருந்தால் 2,880ஐ 20ஆல் வகுக்க 144 டாலர். விடுமுறைக்கு முந்தைய வேலைநாளிலோ அடுத்த வேலைநாளிலோ தக்க காரணமில்லாமல் வராமல் இருந்தால் அந்தக் கூலி போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் இடையில் உள்ள டிசம்பர் 29, 30, 31 பொது விடுமுறைகள் அல்ல. கிடங்கு மூடியிருந்தால் அந்த மூன்று நாளுக்கும் கூலி இல்லை. 430 டாலருக்கு மேல் குறைந்து, ஜனவரி 16இல் கையில் வருவது சுமார் 850தான்.

ஆக, மூன்று சம்பளம் என்று கொண்டாடத் தொடங்கும் மாதத்தில் ஒரு சம்பளம் மெலிந்து வருகிறது. மூன்றாவதில் மிஞ்சிய 820இல் 330 அந்தக் குழியை நிரப்பவே போய்விடும்.

செய்ய வேண்டியவை

1. ஏதாவது ஒரு சம்பளச் சீட்டை எடுத்து, அதிலுள்ள சம்பள நாளிலிருந்து 14, 14 நாளாகக் கூட்டி ஆண்டு முழுவதற்கும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பக்கத்திலேயே அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செய்த வேலைக்கானது என்றும் எழுதுங்கள். பொது விடுமுறை உள்ள காலங்களை வட்டமிட்டால் மெலிந்த சம்பளம் எப்போது வரும் என்று இரண்டு வாரம் முன்பே தெரிந்துவிடும்.

2. அடிப்படைத் தொகையாகச் சராசரிச் சம்பளத்தை எடுக்காதீர்கள். கடந்த ஓராண்டில் வந்த மெலிந்த சம்பளங்களைப் பாருங்கள். விடுமுறைக் காலத்தில் அபூர்வமாக வந்த ஒன்றை விட்டுவிட்டு, அடிக்கடி வரும் குறைந்த தொகையை எடுங்கள். நம்மவருக்கு 60 மணிநேரம் மட்டும் கிடைக்கும் இருவாரத்தில் ஏறக்குறைய 1,000 டாலர் கையில் வரும். அதை இருமடங்காக்கினால் 2,000. மாதச் செலவு 1,435உம் நடப்புச் செலவு 720உம் சேர்ந்தால் 2,155. நேரம் குறையும் மாதத்தில் அவருக்கு 155 டாலர் துண்டு விழும் என்பது இப்போதே தெரிகிறது. மூன்றாவது சம்பளத்தின் முதல் வேலை இந்த ஓட்டையை அடைப்பதுதான்.

3. மாதத்தின் முதல் இரண்டு சம்பளங்களிலிருந்தும் அடுத்த மாதக் கடமைகளில் பாதிப் பாதியைப் பணம் ஏறிய அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள். இவருக்கு 717 டாலர் 50 சென்ட். வாடகையும் காப்புறுதியும் அந்தக் கணக்கிலிருந்தே போகட்டும். ஜூன் 5உம் 19உம் சேர்ந்து ஜூலை வாடகையைக் கட்டிவிடும். ஜூலை 3 தாமதமாக வருகிறதே என்ற கவலை எழாது. ஜனவரி 30இல் ஏறும் மூன்றாவது சம்பளத்துக்கும் பிப்ரவரி வாடகையோடு தொடர்பே இருக்காது. அது தனியாகக் கண்ணுக்குத் தெரியும்.

ஆண்டுக் கடமையை 26ஆல் வகுத்து ஒவ்வொரு சம்பளத்திலும் 662 டாலர் ஒதுக்கலாமே என்று கேட்கலாம். அந்த முறையும் சரிதான், ஆனால் அதற்குக் கையிருப்பு வேண்டும். இரண்டு சம்பள மாதத்தில் 1,324தான் சேரும், போக வேண்டியதோ 1,435. பிப்ரவரி முதல் ஜூன் வரை ஐந்து மாதத்துக்கு 555 டாலர் குறையும். கையில் அந்தத் தொகை இல்லாதவருக்குப் பாதிப் பாதி முறையே பாதுகாப்பானது.

4. மூன்றாவது சம்பளத்தில் அடுத்த இரு வாரச் செலவை முதலில் கழித்துவிடுங்கள். மிஞ்சும் தொகையில் ஒரு மெலிந்த சம்பளத்தைச் சமாளிக்கும் அளவுக்கு, இவருக்கு 300 முதல் 400 டாலர் வரை, தனியாக வையுங்கள். அது நிரம்பிய பிறகு கிரெடிட் கார்டு பாக்கி. அதற்குப் பிறகு குளிர்காலச் சக்கரங்கள், கார் பழுது, ஊருக்கு அனுப்பும் பணம் என்று ஆண்டுக்கு ஓரிரு முறை வருபவை. கார்டு பாக்கியை முதலில் முழுமையாக அடைப்பதே வட்டிக் கணக்கில் லாபம் என்று சிலர் சொல்வார்கள். நேரம் நிலையாக உள்ளவருக்கு அது சரி. மணிக்கூலிக்காரர் கையிருப்பு இல்லாமல் கார்டை அடைத்தால் அடுத்த மெலிந்த சம்பளத்தில் அதே கார்டைத்தான் மறுபடி எடுப்பார்.

ஆண்டுக்கு 27 சம்பளம் வரும்போது

26 இருவாரங்கள் 364 நாள்தான். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாள், லீப் ஆண்டில் இரண்டு நாள், சம்பளத் தேதி பின்னோக்கி நகர்கிறது. இதனால் ஏறக்குறைய பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஆண்டில் 27 சம்பள நாட்கள் வரும். அப்போது மூன்று சம்பள மாதங்களும் மூன்றாகும்.

நம் முதல் அட்டவணைக்கு இது வெகு பக்கத்தில் இருக்கிறது. 2026 டிசம்பர் 18க்கு அடுத்த சம்பள நாள் 2027 ஜனவரி 1, வெள்ளி. அன்று வங்கி விடுமுறை. விடுமுறையில் சம்பள நாள் விழுந்தால் முந்தைய வேலைநாளில் பணம் போடுவதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். அப்படிப் போட்டால் அது டிசம்பர் 31இல் ஏறும். 2026 டிசம்பர் மாதமும் 4, 18, 31 என்று மூன்று சம்பள மாதமாகிவிடும்.

வேலை எப்போது செய்தோம் என்பதை வைத்து வருமான வரி கணக்கிடப்படுவதில்லை. பணம் எப்போது கைக்கு வந்தது என்பதே கணக்கு. எனவே அவருடைய 2026ஆம் ஆண்டு டி4 படிவத்தில் 27 சம்பளம் இருக்கும். குழந்தைகள் உள்ளவர்களுக்கு 2027 ஜூலை முதல் வரும் குழந்தைகள் நலக் கொடுப்பனவு 2026 வருமானத்தை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. ஒரு சம்பளம் கூடுதலாகக் காட்டினால் அது கொஞ்சம் குறையலாம். ஆண்டுச் சம்பளக்காரர்களுக்கு நிறுவனம் மொத்தத்தை 27ஆல் வகுத்து ஒவ்வொரு தொகையையும் குறைக்கக்கூடும். மணிக்கூலியில் அதற்கு இடமில்லை: வேலை செய்த மணிநேரத்தை மணிக்கூலியால் பெருக்கியதுதான் தொகை. டிசம்பர் 31 சம்பளச் சீட்டில் மணிநேரமும் 20 டாலர் என்ற விகிதமும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும். அந்தப் பணத்துக்கு அடுத்தது ஜனவரி 15இல்தான் வரும், 15 நாள் இடைவெளி, என்பதையும் நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.